பெரிய எழுத்தில் தொலையும் சிறு சுழி

நாளிதழின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் வந்த செய்தியை, பேருந்து குலுங்கும்போதும் தடையில்லாமல் படித்துவிடுகிறோம். அந்தப் பேருந்தின் சன்னலுக்கு வெளியே ஆளுயர எழுத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் பலகை நிற்கிறது. அதன் முன் கண் ஒரு கணம் தயங்குகிறது. 'பெட்டி'யா, 'பேட்டி'யா? 'கொடி'யா, 'கோடி'யா? எழுத்து பெரிதானால் படிப்பது எளிதாக வேண்டும் என்றுதான் எவரும் எண்ணுவார்கள். கண் பரிசோதனைக்குப் போனாலும் மேல்வரிசையின் பெரிய எழுத்தைத்தான் முதலில் படிக்கச் சொல்கிறார்கள். பிறகு ஏன் பொடி எழுத்து சரளமாகவும், பூதாகரமான எழுத்து தட்டுத்தடுமாறியும் வாசிக்கப்படுகிறது?

ஓவியர் கிறுக்கிவிட்டார், அச்சகத்தார் அவசரப்பட்டார் என்று யாராவது ஒருவர்மேல் பழிபோட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் இதற்குக் கண்ணின் இயல்பிலும் தமிழ் எழுத்தின் அமைப்பிலும் தெளிவான காரணம் இருக்கிறது. ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டும் வேலையைத் தமிழில் பெரும்பாலும் மிகச் சிறிய உறுப்புகளே செய்கின்றன. அலங்கார எழுத்துருக்கள் எழுத்தின் உடலைப் பெருக்கும்போது அந்தச் சிறு உறுப்புகளை நசுக்கிவிடுகின்றன. எழுத்து தெரிகிறது, ஆனால் எந்த எழுத்து என்பது தெரிவதில்லை. இந்த அத்தியாயம் அதை ஒரே ஒரு தலைப்பை வைத்து ஆராய்கிறது.

பெரிதாக்கினால் போதாதா?

படிக்கும்போது கண் வரியின்மேல் வழுக்கிக்கொண்டு போவதில்லை. ஓரிடத்தில் கால் நொடிக்கும் குறைவாக நின்று, அடுத்த இடத்துக்குத் தாவுகிறது. நிற்கும் நேரத்தில் கூர்மையாகத் தெரியும் பகுதி மிகக் குறுகியது. கையை நேராக நீட்டிக் கட்டைவிரலைப் பார்த்தால், அந்த விரலின் அகலம் கண்ணில் ஏறத்தாழ 2 பாகை கோணத்தை அடைக்கும். நம் கூர்ம்பார்வையின் பரப்பு கிட்டத்தட்ட அவ்வளவுதான். அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்டன் லெக்கும் சகாக்களும் 1985-இல் வெளியிட்ட ஆய்வில், எழுத்து ஏறத்தாழ 0.3 பாகையிலிருந்து 2 பாகை வரை இருக்கும்போது வாசிப்பு வேகம் உச்சத்தில் இருப்பதைக் கண்டார்கள். அதைவிடச் சிறியதானால் வேகம் குறைகிறது. அதைவிடப் பெரியதானாலும் குறைகிறது என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி. எழுத்து ஒவ்வொன்றும் கட்டைவிரலைவிட அகலமாகிவிட்டால், ஒரு பார்வைக்கு ஓர் எழுத்து என்ற கணக்கில் கண் நகர வேண்டியதாகிறது.

இன்னொரு தடையும் உண்டு. நேராகப் பார்க்காத எழுத்தை அதன் அண்டை எழுத்துகள் குழப்புகின்றன. இதை நெரிசல் என்று அழைக்கலாம். ஹெர்மன் பௌமா 1970-இல் ஒரு பொதுவிதியைச் சொன்னார். பார்வைப் புள்ளியிலிருந்து ஓர் எழுத்து எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ, அதில் ஏறத்தாழப் பாதித் தொலைவுக்குள் வேறு எழுத்தோ கோடோ இருந்தால் அது அடையாளத்தைக் கெடுக்கும். எழுத்துகளைப் பெரிதாக்கும்போது அவற்றுக்கிடையிலான வெளி கூடுகிறது. ஆனால் பார்வைப் புள்ளியிலிருந்து அவை விலகி நிற்கும் தொலைவும் அதே விகிதத்தில் கூடிவிடுகிறது. ஆகவே பெரிதாக்குவதால் நெரிசல் தீராது. வடிவத்தில் குழப்பம் இருந்தால் அந்தக் குழப்பமும் எழுத்தோடு சேர்ந்தே பெரிதாகும்.

பொருள் தங்கியிருக்கும் இடம்

ஆங்கிலத்தில் உயிரெழுத்தும் மெய்யெழுத்தும் ஏறத்தாழ ஒரே அளவில் அடுத்தடுத்து நிற்கும் தனி எழுத்துகள். தமிழில் சொல்லின் முதலில் மட்டுமே உயிர் தன் முழு உருவில் வருகிறது. மற்ற இடங்களில் மெய்யோடு ஒட்டிய குறியாகச் சுருங்கிவிடுகிறது. மேலே வளையும் விலங்கு (ி, ீ), கீழே இறங்கும் விலங்கு (ு, ூ), முன்னே நிற்கும் கொம்பு (ெ, ே, ை), பின்னே நிற்கும் கால் (ா) ஆகியவைதான் அந்தக் குறிகள். உயிரே இல்லை என்பதைச் சொல்ல ஒரு புள்ளி.

இவற்றில் குறிலுக்கும் நெடிலுக்கும் உள்ள வேறுபாடு இன்னும் நுண்ணியது. 'கி' நெடிலாவது விலங்கின் நுனியில் ஒரு சுழி சேர்வதால். 'கெ' நெடிலாவது கொம்பில் ஒரு சுழி கூடுவதால். வரலாறு முழுக்கத் தமிழ் இந்த வேறுபாட்டைச் சிறு குறியிடம்தான் ஒப்படைத்திருக்கிறது. எகரத்தையும் ஒகரத்தையும் குறிலென்று காட்டப் புள்ளி வைக்க வேண்டும் என்கிறது தொல்காப்பியம். சுவடி எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிட்டார்கள். ஆகவே படிப்பவரே இடம்பார்த்துக் குறிலா நெடிலா என்று முடிவுசெய்ய வேண்டியிருந்தது. 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் கொம்பையே இரு வடிவமாக்கி இந்தச் சிக்கலைத் தீர்த்தார். இன்றைய அலங்கார எழுத்துரு ஒன்றில் கொம்பின் சுழி அடைபட்டுப் போனால், அந்தத் தலைப்பு வீரமாமுனிவருக்கு முந்தைய காலத்துக்கே திரும்பிவிடுகிறது.

எழுத்துரு வரைபவருக்கு இது பெரிய வேலை. ஆகார, எகர, ஏகார, ஐகாரக் குறிகளைத் தனித்தனியாக ஒருமுறை வரைந்தால் எல்லா மெய்க்கும் பயன்படும். உகர, ஊகாரக் குறிகள் அப்படியில்லை. சு, பு, வு என்பவற்றில் கோடு நேராகக் கீழிறங்குகிறது. கு, டு, மு, ரு, ளு என்பவற்றில் அடியில் வளைகிறது. து, நு, லு, று, னு என்பவற்றில் வலப்பக்கம் மடங்கி ஏறுகிறது. ஆகவே 18 மெய்க்கும் உகரம், ஊகாரம் என 36 வடிவங்களைத் தனியே வரைய வேண்டும். இகர, ஈகாரக் குறிகளையும் ஒவ்வொரு மெய்யின் அகலத்துக்கும் ஏற்பப் பொருத்த வேண்டும். 'டி', 'லி' போன்றவற்றில் விலங்கு உடலோடே கலந்துவிடுகிறது. அதில் இன்னொரு 36. இந்த 72 எழுத்துகளில்தான் ஓர் எழுத்துருவின் உழைப்பும் சோம்பலும் வெளிப்படும்.

டி.டி.பி. நிலையங்களில் இன்றும் புழங்கும் பழைய அலங்கார எழுத்துருக்கள் பல, யூனிகோடுக்கு முந்தையவை. மொத்தம் 256 இடங்களுக்குள் ஆங்கிலத்தையும் தமிழையும் அடக்க வேண்டியிருந்ததால், பலவற்றில் விலங்கை ஒரு தனித் துண்டாக வைத்து எல்லா மெய்யின் தலையிலும் அதையே ஒட்டினார்கள். ஒடுங்கிய 'ர'வுக்குப் பொருந்தும் விலங்கு, அகன்ற 'ண'வுக்குப் பொருந்தாது. 12 புள்ளி அளவில் அந்த இடைவெளி தெரியவே தெரியாது. 12 சென்டிமீட்டர் உயரத்தில் அது விரிசலாகத் தெரியும்.

ஒரு தலைப்பைப் பிரித்துப் பார்ப்போம்

நாளிதழ்களில் அடிக்கடி வரக்கூடிய ஓர் இருவரித் தலைப்பை எடுத்துக்கொள்வோம்:

மூன்று ஊர் மக்கள்
நீதி கோரிப் பேரணி

இதில் அரிய எழுத்து எதுவும் இல்லை. ஆனால் தடித்த அலங்கார எழுத்துருவில் அடித்தால் இதற்குள் மூன்று பொறிகள் திறந்துகொள்கின்றன. முதலாவது 'நீ'. விலங்கின் நுனிச் சுழி நிரம்பி ஒரு கொழுத்த முனையாகிவிட்டால் அது 'நி' ஆகிறது. அப்போது மக்கள் கோருவது நீதியை அல்ல, நிதியை. நீதி கோருவதும் நடக்கும், நிதி கோருவதும் நடக்கும். வாக்கியம் இரண்டு வகையிலும் பிழையின்றி நிற்பதால், தவறாகப் படித்தவருக்குத் தவறாகப் படித்தோம் என்ற ஐயமே எழாது. வாசிப்பில் இதைவிட மோசமான பிழை இல்லை. தடுமாறினால் வாசகர் திரும்பிப் பார்ப்பார். தடுமாறாமல் ஏமாந்தால் அப்படியே போய்விடுவார்.

இரண்டாவது 'கோ'. கொம்பின் கூடுதல் சுழி அடைபட்டால் 'கொரி' என்றாகும். அப்படியொரு சொல் வழக்கில் இல்லாததால் மூளை உடனே 'கோரி' என்று திருத்திக்கொள்ளும். இங்கே இழப்பு அரை நொடித் தயக்கம் மட்டுமே. அதே கொம்பு 'கோடி'யில் வந்திருந்தால் 'கொடி' ஆகியிருக்கும். ஒரே குறையின் விளைவு சொல்லுக்குச் சொல் வேறுபடும் என்பதற்கு இது சான்று. ஒரு தலைப்பில் நன்றாக இருந்த எழுத்துரு மறுநாள் தலைப்பில் காலை வாரிவிடுவதும் இதனால்தான்.

மூன்றாவது பொறி பலரும் எதிர்பாராதது. 'பேரணி'யில் உள்ள 'ர'வையும் துணைக்காலையும் பிரிப்பது அடியில் இறங்கும் சாய்ந்த வால் மட்டும்தான். அடிக்கோட்டில் எல்லா எழுத்தையும் சமமாக வெட்டி நிறுத்துவது அலங்கார எழுத்துருக்களில் பரவலான உத்தி. பெட்டிக்குள் அடுக்கியதுபோல் தலைப்பு கச்சிதமாக இருக்கும். ஆனால் வால் குறைந்த 'ர' காலாகிவிடுகிறது. கொம்பு, ப, கால், ணி என்ற வரிசை கண்ணுக்குக் கிடைக்கிறது. 'பேரணி' இப்போது 'போணி'. பழைய அச்சில் ர், ரி, ரீ ஆகியவற்றை வாலில்லாமல் காலின் வடிவிலேயே அச்சிடும் வழக்கம் இருந்தது. புள்ளியும் விலங்கும் அங்கே அடையாளம் காட்டின. வெறும் 'ர'வுக்கு அந்தத் துணையும் இல்லை.

இரு வரிகளுக்கும் இடையில் நடப்பதையும் பார்க்க வேண்டும். மேல்வரியின் 'மூ' அடிக்கோட்டுக்குக் கீழே வளைகிறது. அதற்கு நேர்கீழே இருப்பது 'நீ'யின் மேற்சுழி. ஆங்கிலத் தலைப்புகளைப் போல வரிகளை நெருக்கினால் மேலே உள்ளதன் அடிவளைவும் கீழே உள்ளதன் தலைச்சுழியும் உரசும். எந்தச் சுழி நெடிலைக் காட்டுகிறதோ, அதுதான் மேல்வரியின் கோட்டுக்குள் மறைந்துபோகும்.

சுழிக்குள் எவ்வளவு வெளி?

இனி அளந்து பார்க்கலாம். எழுத்துக்குள் கோடு சூழ்ந்த வெற்றிடத்தை உள்வெளி என்று சொல்வோம். 'ண'வின் சுழிகளுக்குள், 'டை'யின் கொம்புக்குள், 'நீ'யின் நுனிக்குள் எல்லாம் உள்வெளி உண்டு. நம் தலைப்பை ஒரு பலகைக்காக 100 மில்லிமீட்டர் உயர எழுத்தில் அடிப்பதாகவும், தேர்ந்த எழுத்துருவில் 'நீ'யின் சுழிக்குள் 4 மில்லிமீட்டர் உள்வெளி இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம்.

இயல்பான பார்வையுள்ளவர், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணம் வரை இரு கோடுகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க முடியும். 10 மீட்டர் தொலைவில் அந்தக் கோணம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டருக்குச் சமம். அப்படியானால் 4 மில்லிமீட்டர் உள்வெளி சுமார் 14 மீட்டர் வரை மட்டுமே தெரியும். அதற்கு அப்பால் சுழி ஒரு கரும்பொட்டு. ஆனால் அதே 14 மீட்டரில் 100 மில்லிமீட்டர் எழுத்து கண்ணில் 0.4 பாகையை அடைக்கிறது. லெக் கண்ட வேகமான வாசிப்பு எல்லைக்குள்ளேயே அது இருக்கிறது. அதாவது, எழுத்தை வசதியாகப் படிக்க முடிகிற தொலைவிலேயே குறிலும் நெடிலும் ஒன்றாகிவிட்டன. பலகையின் முன் கண் தயங்குவது ஏன் என்ற கேள்விக்கு விடை இந்த இரண்டு எண்களுக்கு நடுவே இருக்கிறது.

இத்துடன் ஃப்ளெக்ஸ் வடிவமைப்பில் ஏறக்குறைய கட்டாயமாகிவிட்ட அவுட்லைனைச் சேர்த்துப் பாருங்கள். எழுத்தின் ஓரத்திலிருந்து 1 மில்லிமீட்டர் வெளிப்பக்கம் தள்ளிக் கோடு போட்டால், சுழியின் உள்வெளிக்கும் அதுவே 'வெளிப்பக்கம்'. இரு புறமும் ஒவ்வொரு மில்லிமீட்டர் போக மிஞ்சுவது 2. தெரியும் தொலைவு 14 மீட்டரிலிருந்து 7 மீட்டராகச் சுருங்கிவிட்டது. அவுட்லைனை 2 மில்லிமீட்டர் ஆக்கினால் உள்வெளி முழுக்க மூடிவிடும். மூக்கை ஒட்டி வைத்துப் பார்த்தாலும் அது 'நிதி'தான். அதன்மேல் ஷேடோவும் விழுந்தால் சொல்ல வேண்டியதே இல்லை.

ஒரே தடிமனில் மட்டும் கிடைக்கும் எழுத்துருவைத் தேர்ந்து, மென்பொருளின் போல்ட் பொத்தானை அழுத்துவதும் இதே வேலையைத்தான் செய்கிறது. உண்மையான தடித்த வடிவம் இல்லாதபோது பல மென்பொருள்கள் கோட்டைச் சுற்றிலும் ஊதிப் போலித் தடிமன் கொடுக்கின்றன. எழுத்துரு வரைந்தவர் தடித்த வடிவத்தை வரையும்போது சுழியைச் சற்று அகலமாக்கி உள்வெளியைக் காப்பாற்றுவார். பொத்தானுக்கு அந்த அக்கறை கிடையாது.

அலங்காரம் எங்கே அமரலாம்?

அப்படியானால் தலைப்பை வெறும் பாட எழுத்திலேயே போட வேண்டுமா? அவசியமில்லை. அலங்காரம் எழுத்தின் எந்தப் பகுதியில் அமர்கிறது என்பதுதான் கேள்வி. டெனிஸ் பெல்லியும் சகாக்களும் பல எழுத்துமுறைகளை வைத்துச் செய்து 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு உதவும். எழுத்தின் விளிம்பு எவ்வளவு நீண்டு மடிகிறதோ, அந்த அளவுக்கு அதை அடையாளம் காணும் திறன் குறைகிறது என்று அவர்கள் கண்டார்கள். பூ, கொடி, பிசிறு, தூரிகைக் கீறல் எல்லாமே விளிம்பை நீட்டுபவை. கோட்டின் முனையை உருட்டுவதும், உடலைச் சாய்ப்பதும், அகலத்தை ஒடுக்குவதும் விளிம்பை அவ்வளவாக நீட்டுவதில்லை. எனவே குணம் கோட்டின் போக்கில் இருக்கும் எழுத்துரு, குணம் ஒட்டுவேலையில் இருக்கும் எழுத்துருவைவிடத் தலைப்புக்கு ஏற்றது.

இலவசமாகக் கிடைக்கும் சிலவற்றை இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம். `Baloo Thambi 2` உருண்டு திரண்ட எழுத்து. ஐந்து தடிமன்களில் கிடைக்கிறது. சிறுவர் இதழின் தலைப்புக்கு இதன் உச்சத் தடிமனைவிட ஒரு படி குறைந்ததை எடுத்தால் துள்ளலும் இருக்கும், சுழியும் பிழைக்கும். `Coiny` அதைவிடக் கொழுத்தது, ஒரே தடிமன். ஓரிரு சொற்களுக்கு மேல் அதை நீட்டக்கூடாது என்பது என் கருத்து. `Kavivanar` கையெழுத்தின் சாய்வு கொண்டது. கவிதை, கடிதம் போன்ற பக்கங்களுக்குப் பொருந்தும். ஆனால் ஒரே தடிமன்தான் என்பதால் போல்ட் பொத்தானைத் தொடக்கூடாது. நீண்ட தலைப்பை ஒடுங்கிய பத்தியில் அடக்க வேண்டியவர்களுக்கு `Anek Tamil` நல்லது. அகலத்தையும் தடிமனையும் தனித்தனியே மாற்றிக்கொள்ளலாம். எழுத்தைப் பக்கவாட்டில் அமுக்கிச் சிறிதாக்கும் பழக்கத்துக்கு அங்கே தேவையில்லை. அப்படி அமுக்கும்போது நிற்கும் கோடுகள் மெலிந்து, படுக்கைக் கோடுகள் மட்டும் அதே தடிமனில் நிற்கும். கொம்பின் உள்வெளியும் நசுங்கும்.

பழைமை தோன்ற வேண்டும் என்று வரையப்பட்ட சில எழுத்துருக்களில் 1978-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய 'ணா', 'லை' வடிவங்கள் இருக்கும். அழகானவைதான். ஆனால் இன்று நாற்பது வயதுக்குட்பட்ட வாசகர் பள்ளியில் அவற்றைக் கற்கவில்லை. வரலாற்று நூலின் அட்டைக்கு வைத்துக்கொள்ளலாம், மருத்துவமனை அறிவிப்புக்கு வேண்டாம்.

சோதிக்கும் முறை

எழுத்துருவை விற்பவர்கள் காட்டும் மாதிரி வரியில் எப்போதும் அந்த எழுத்துருவுக்கு நன்றாக அமைந்த எழுத்துகளே இருக்கும். ஆகவே நம் வரியை நாமே அடித்துப் பார்க்க வேண்டும். குறிலும் நெடிலும் மட்டும் வேறுபடும் இணைகளையும், 'ர'வின் வாலால் மட்டும் வேறுபடும் இணையையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்: நிதி நீதி, விடு வீடு, பெட்டி பேட்டி, கொடி கோடி, முடி மூடி, பேரணி போணி. இவற்றை 72 எழுத்துகளின் பட்டியலோடு சேர்த்து இரண்டு அளவுகளில் பார்க்க வேண்டும். இரண்டும் காட்டும் குறைகள் வேறு வேறு.

முதலில் திரை நிறைய ஓரிரு எழுத்தே தெரியும் அளவுக்குப் பெருக்கிப் பாருங்கள். விலங்கு உடலோடு சேரும் இடத்தில் மயிரிழை இடைவெளி இருக்கிறதா, ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கிறதா என்பது இங்கேதான் தெரியும். ணி, ளீ, ஞி போன்ற அகன்ற எழுத்துகளில் தேடுவது பயன் தரும். தடிமனை விருப்பம்போல் நகர்த்தக்கூடிய எழுத்துருக்களில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டியபடியே வரையப்பட்டிருப்பது வழக்கம். உள்ளே நிறம் நிரம்பியிருக்கும்வரை அது கண்ணில் படாது. அவுட்லைன் கொடுத்தவுடன் எழுத்தின் வயிற்றுக்குள் குறுக்குக் கோடுகள் முளைக்கும். வினைல் வெட்டும் இயந்திரத்துக்கு அனுப்பினால் அந்தக் கோட்டின்மேலேயே கத்தி ஓடும். வடிவங்களை முதலில் ஒன்றாக இணைத்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். புள்ளி எங்கே நிற்கிறது என்பதையும் இந்த அளவிலேயே பாருங்கள். பூவாகவோ விண்மீனாகவோ வரையப்பட்ட புள்ளி, பக்கத்து எழுத்தின் விலங்கைத் தொட்டால் இரண்டும் கெட்டுவிடும்.

அடுத்தது சிறிய அளவு. பலகையை 14 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்கு ஈடாக, மேசையிலேயே சோதனை செய்யலாம். 100 மில்லிமீட்டர் எழுத்து 14 மீட்டரில் எப்படித் தெரியுமோ, அப்படியே 3.5 மில்லிமீட்டர் எழுத்து அரை மீட்டரில் தெரியும். தலைப்பை, அவுட்லைனும் ஷேடோவும் சேர்ந்த இறுதி வடிவில், அந்த உயரத்துக்குச் சுருக்கி நல்ல லேசர் அச்சில் எடுத்து, அரை மீட்டர் தள்ளிப் பிடியுங்கள். தலைப்பை இதற்குமுன் பார்க்காத ஒருவரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்வது முக்கியம். வடிவமைத்தவருக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று முன்பே தெரியும். அவர் கண் சுழியைத் தானாகப் போட்டுக்கொள்ளும். படிப்பவர் திணறினால் குறித்துக்கொள்ளுங்கள். திணறாமல் 'நிதி' என்று படித்தால் அந்த எழுத்துருவையோ அவுட்லைனையோ மாற்றிவிடுங்கள்.

எழுத்துகளுக்கிடையிலான வெளியைக் கூட்டுவது குறித்தும் ஓர் எச்சரிக்கை தேவை. 'கோ' என்பது வாசகருக்கு ஓர் எழுத்து, கணினிக்குக் கொம்பு, க, கால் என மூன்று துண்டு. வெளியைக் கூட்டும்போது சில வடிவமைப்பு மென்பொருள்கள் அந்த மூன்றையும் தனித்தனியே விலக்கிவிடுகின்றன. கொம்பு முந்தைய எழுத்தோடும் கால் அடுத்த எழுத்தோடும் சேர்ந்து நிற்கும். இந்திய எழுத்துகளுக்கான அமைப்பு இயங்காவிட்டால் கொம்பு மெய்க்குப் பின்னாலேயே போய் நின்றுவிடும். இன்டிசைனில் `World-Ready Paragraph Composer` என்பதைத் தேர்ந்தால் அந்தத் தொல்லை தீரும். வரி இடைவெளியை எழுத்தளவைப்போல் ஏறத்தாழ 1.3 மடங்கில் தொடங்கி, 'மூ'வுக்குக் கீழே 'நீ' வரும்படி இரு வரிகளை வைத்துப் பார்த்துக்கொண்டே குறைக்கலாம். இரண்டும் தொடுவதற்கு முன் எங்கே நிறுத்துவது என்பது எழுத்துருவுக்கு எழுத்துரு மாறும்.

மறுப்புகள் சில

தமிழர்களுக்குத் தமிழ் தெரியும், இடம்பார்த்துப் புரிந்துகொள்வார்கள் என்று சொல்வதுண்டு. செய்தியின் உடலுக்கு இது பொருந்தும். முந்தைய வாக்கியமும் அடுத்த வாக்கியமும் அங்கே கைகொடுக்கின்றன. தலைப்புக்கு முன்னே எதுவும் இல்லை. இடத்தையும் சூழலையும் உருவாக்கிக் கொடுப்பதே தலைப்பின் வேலை. தவிரவும், தலைப்புகளில் மிகுதியாக வரும் ஊர்ப்பெயரையும் ஆட்பெயரையும் சூழலிலிருந்து ஊகிக்கவும் முடியாது.

வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது. திரைப்படத் தலைப்புகளும் வார இதழ்களின் பெயர் எழுத்துகளும் பல்லாண்டுகளாக மிகத் துணிச்சலான அலங்காரத்தோடு வந்து மக்கள் மனத்தில் நின்றிருக்கின்றனவே? உண்மை. ஆனால் அவை ஒருமுறை வரைந்து ஆயிரம் முறை காட்டப்படுபவை. இரண்டாம் வாரத்திலிருந்து வாசகர் அதைப் படிப்பதில்லை, முகத்தை அறிவதுபோல் அறிகிறார். அதோடு, அவற்றை வரைந்த ஓவியர் அந்த ஒரு சொல்லுக்காகவே சுழியை எங்கே பெரிதாக்குவது, கொம்பை எங்கே வளைப்பது என்று முடிவுசெய்தார். எந்தச் சொல் வரப்போகிறது என்பது எழுத்துருவுக்குத் தெரியாது. எனவே மாறாத பெயருக்கு எவ்வளவு அலங்காரமும் தாங்கும். நாள்தோறும் மாறும் தலைப்புக்குத் தாங்காது. பெயர் எழுத்துக்கு எழுத்துருவைத் தேர்ந்தாலும், அதை அப்படியே விடாமல் அந்தச் சொல்லின் குறிகளைக் கையால் திருத்திக்கொள்வதே முறை.

எல்லாரும் இப்படிக் கறாராக இருந்தால் புது எழுத்துருக்களே பிறக்காது என்ற கவலையையும் கேட்கலாம். கட்டுப்பாடு விழுவது எழுத்தின் ஒரு சிறு பகுதியில் மட்டும்தான். ஈகாரத்தின் சுழி, ஏகாரக் கொம்பின் சுழி, ரகரத்தின் வால், புள்ளி ஆகிய நான்கையும் தெளிவாக விட்டுவிட்டு மற்ற எல்லா இடத்திலும் விளையாடலாம். எழுத்துரு வரைவோர் தம் மாதிரி அட்டையில் பழமொழிக்குப் பதிலாக 'நிதி நீதி, பெட்டி பேட்டி, பேரணி போணி' என்ற வரியை, விற்கும் ஒவ்வொரு தடிமனிலும் அச்சிட்டுக் காட்ட வேண்டும். வாங்குவோரும் அதைப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.